கரிசலில் விதைத்தவருக்கு ஓர் அடக்கப் பிரசங்கம்

கரிசல் காட்டுக் கிராமத்தில் ஒரு கேதம் விழுந்தால் அடக்கப் பிரசங்கத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு ராத்திரிதான். சாயங்காலம் கோவில் மணி நிதானமாக, விட்டு விட்டு அடிக்கும்போதே ஊருக்குச் சேதி தெரிந்துவிடும். முன்பெல்லாம் மறுநாள் மத்தியானத்துக்குள் அடக்கம் முடிந்தாக வேண்டும். இப்போது வாடகைக்குக் குளிர்பெட்டி வந்துவிட்டதால், சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும்வரை காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் குருவானவர் ஒரு பக்கம் எழுதி முடிக்க வேண்டும். தென்மாவட்டச் சபைகளில் அவரை ‘ஐயர்’ என்றே கூப்பிடுவார்கள். அவர் பொறுப்பில் ஐந்தாறு ஊர்ச் சபைகள் இருக்கும். இறந்தவரை அவருக்கு நேரில் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். தெரியாவிட்டால் உபதேசியாரிடம் கேட்டுக்கொள்வார்.

இறந்தவர் மானாவாரி விவசாயி என்று வைத்துக்கொள்வோம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் எந்த ஊரிலும் இருக்கக்கூடியவர். நாலைந்து ஏக்கர் கரிசல், அதில் உளுந்தும் பாசியும் கம்பும், சில வருஷம் பருத்தி, அப்புறம் மக்காச்சோளம். எழுபது வயதைத் தாண்டியவர். இவருடைய பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்று ஐயர் என்ன பேசலாம்?

கையில் வேதாகமம் இருக்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது விதைதான். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில், மரித்தவர்கள் எப்படி எழுந்திருப்பார்கள், எந்த மாதிரியான சரீரத்தோடு வருவார்கள் என்று கேட்பவர்களுக்குப் பவுல் விதையைக் காட்டிப் பதில் சொல்கிறார். விதைக்கிறவன் பயிரை விதைப்பதில்லை, வெறும் மணியைத்தான் விதைக்கிறான். மணி மண்ணுக்குள் போகிறது. அதற்கு வேண்டிய உருவத்தைக் கடவுள் கொடுக்கிறார். யோவான் சுவிசேஷத்தில் இயேசுவும் தம் மரணத்தைப் பற்றிப் பேசும்போது மண்ணில் விழும் கோதுமை மணியைச் சொல்கிறார். விவசாயியின் அடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியம் எங்கே கிடைக்கும்?

பொருத்தந்தான். ஆனால் விதையை மட்டும் எடுத்துக்கொண்டு பேசினால், விவசாயிகள் நிறைந்த கூட்டத்தில் அது மூன்று இடங்களில் இடறும்.

முதல் இடறல் செடி கொடி படித்த பேரப்பிள்ளைகளிடமிருந்து வரும். விதை சாவதில்லை. உறங்குகிறது. உள்ளே முளைக்கரு உயிரோடு இருக்கிறது, அதைச் சுற்றி அதற்கான சாப்பாடு இருக்கிறது. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால் முளைக்கிறது. நிஜமாகவே செத்த விதையை விதைத்தால் எதுவும் வராது என்பது தாத்தாவுக்கே தெரியும். அதனால்தான் நெல் விவசாயிகள் உப்புக் கரைத்த தண்ணீரில் விதையைக் கொட்டி, மிதக்கும் பதரை அள்ளிப்போட்டுவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் முளைகட்டுகிறார்கள். பவுலின் காலத்து மக்கள் மண்ணில் மறைந்து அழிவதைச் சாவு என்றே பேசினார்கள், அவர் தாவரவியல் பாடம் எடுக்கவில்லை. இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொல்லாமலேகூட விடலாம். ஆனால் விதைக்குள் உயிர் ஒளிந்திருப்பதுபோல மனிதனுக்குள்ளும் சாகாத ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது, அதுவாக வெளியே வரும் என்று ஐயர் பேசிவிட்டால், பவுல் சொன்னதற்கு நேர்மாறாகப் போய்விடும். சரீரத்தைக் கொடுப்பவர் கடவுள் என்பதுதான் அங்கே வாதம். மணிக்கு என்று சொந்த வல்லமை எதையும் பவுல் அங்கே பேசவில்லை.

இரண்டாவது இடறல் இன்னும் கனமானது. விதைத்ததெல்லாம் முளைக்கும் என்று மானாவாரி விவசாயியிடம் யாரும் சொல்ல முடியாது.

கரிசலில் புரட்டாசியில் புழுதி விதைப்பு நடக்கும். மழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு மூடிவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழை வந்து மண் நனைந்துவிட்டால் கரிசலில் கால் வைக்க முடியாது, ஏர் மாட்டவும் முடியாது, டிராக்டர் இறக்கவும் முடியாது. ஆகவே மழையை நம்பி முன்கூட்டியே விதைத்தாக வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும் என்று வேளாண் துறையினர் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலாகப் போட்டால் ஒரு சின்னத் தூறலுக்கே முளை கிளம்பிவிடும், அடுத்த மழை பத்து நாள் தள்ளினால் கருகிவிடும். ஆழத்தில் இருந்தால் மண் முழுதாக நனையும்வரை அசையாது. இத்தனை கணக்குப் போட்டும் ஏமாந்த வருஷங்கள் உண்டு. எறும்பு இழுத்துக்கொண்டு போகும், மழை தப்பும், இரண்டாம் தடவை விதை வாங்கக் கடன் வாங்க வேண்டியிருக்கும். மக்காச்சோளம் போட்டவர்கள் 2018 முதல் படைப்புழுவிடம் பட்ட பாட்டையும், காட்டுப்பன்றிக்குக் காவல் கிடந்த ராத்திரிகளையும் எண்ணிப் பார்த்தால், ‘விதை நிச்சயம் முளைக்கும், அதுபோல இவரும் எழுவார்’ என்ற வாக்கியம் காலியான கோணியைப்போல நிற்காது. கேட்டுக்கொண்டிருக்கும் சம்சாரி மனசுக்குள் தன் காட்டின் கணக்கைப் போட்டுப் பார்ப்பார். முளைக்காமல் போன வருஷம் அவருக்கு ஞாபகம் வரும்.

மூன்றாவது இடறல் தமிழ்நாட்டுக்கே உரியது. கல்லறைத் தோட்டத்தில் நிற்பவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்களாக இருக்க மாட்டார்கள். இறந்தவரோடு காட்டு வரப்பில் நின்று பேசியவர்கள், அவர் கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள், மாமன் மச்சான் முறை சொல்லிப் பழகியவர்கள். விதை செடியாகி மறுபடி விதையாவதை அவர்கள் கேட்டால், பிறவி சுற்றி வருவதைத்தான் ஐயர் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. உவமை அப்படித்தான் சுழல்கிறது. பவுல் சொல்ல வந்ததோ ஒரே ஒரு விதைப்பு, ஒரே ஒரு அறுப்பு. அதே ஆள், அதே பெயர், புது உருவம். மறுபடி இன்னொரு வயிற்றில் பிறந்து வருவதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

இந்த மூன்றுக்கும் தீர்வு அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது. பல பிரசங்கிகள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விதை வருவது முப்பத்தாறாம் வசனத்தில். அதற்குப் பதினாறு வசனத்துக்கு முன்னால், இருபதாம் வசனத்தில், பவுல் வேறொரு விவசாய வார்த்தையைப் போட்டிருக்கிறார்: முதற்பலன். மரித்தவர்களில் கிறிஸ்து முதற்பலனாக எழுந்தார் என்கிறார். முதலில் கதிர், பிறகுதான் விதை. விவசாயியின் அடக்கத்தில் பேசும் ஐயர் இந்த வரிசையை மாற்றாமல் இருந்தாலே பிரசங்கத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

முதற்பலன் என்பது என்ன? லேவியராகமம் இருபத்து மூன்றாம் அதிகாரம் அதன் முறையைச் சொல்கிறது. இஸ்ரவேலர் தங்கள் வெள்ளாமையை அறுக்கத் தொடங்கும்போது முதல் கதிர்க்கட்டை ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும். பஸ்காவை ஒட்டி வரும் ஓய்வுநாளுக்கு மறுநாள் அவன் அதைக் கடவுளுக்கு முன்பாக அசைவாட்டுவான். அதுவரை புதுத் தானியத்தில் அப்பமோ வறுத்த கதிரோ யாரும் சாப்பிடக் கூடாது. அது வாற்கோதுமை அறுப்பின் காலம். கோதுமை பழுப்பதற்கு இன்னும் சில வாரங்கள் ஆகும். காடு முழுக்கப் பயிர் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு கட்டு மட்டும் முன்னால் வந்துவிட்டது. அந்தக் கட்டு வேறெங்கிருந்தோ வந்ததல்ல, அதே காட்டில், அதே மழையில் விளைந்தது. அது வந்துவிட்டதென்றால் மீதி வெள்ளாமை பழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இயேசு எழுந்ததாகச் சுவிசேஷங்கள் சொல்லும் நாளும் பஸ்காவுக்குப் பிந்திய ஓய்வுநாளின் மறுநாள்தான். யூதரான பவுலுக்கு இந்தப் பொருத்தம் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

தென்மாவட்டச் சபைகளுக்கும் இது புத்தகத்துச் சமாசாரம் இல்லை. அறுப்பின் பண்டிகையில் முதல் கம்பங்கதிரையும், வாழைத்தாரையும், பூசணியையும், கோழியையும் கோவிலுக்குக் கொண்டுவந்து வைப்பதும், ஆராதனை முடிந்து அதை ஏலம் விடுவதும் ஊருக்கு ஊர் நடக்கிறது. இறந்த பெரியவர் எத்தனையோ வருஷம் தன் முதற்பலனைத் தலையில் சுமந்துவந்து படியில் இறக்கியிருப்பார். ஏலத்தில் ஒரு பூசணிக்காயைச் சந்தை விலையைப்போலப் பல மடங்குக்குக் கேட்டு வாங்கிப் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கியிருப்பார். ஐயர் இதை ஞாபகப்படுத்தினால் போதும், முதற்பலனுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஐயரின் பேச்சு இப்படித் தொடங்கலாம்: “அண்ணாச்சி ஒவ்வொரு வருஷமும் அறுப்பின் பண்டிகைக்கு முதல் கதிரைக் கொண்டுவந்து இந்தப் படியில வச்சாங்க. மொத்தக் காடும் அறுத்து முடிச்ச பிறகு கொண்டுவரல. காட்டுல பயிர் நிக்கும்போதே கொண்டுவந்தாங்க. ‘மீதியும் வரும் ஐயரே’ங்கிற நம்பிக்கையிலதான் அந்த ஒத்தக் கட்டு வந்துச்சு. இயேசுவைக் கடவுள் எழுப்பினார்னு நாம சொல்றதும் அந்த மாதிரித்தான். அவர் முன்னால வந்த கட்டு. அண்ணாச்சி பின்னால வரப்போற வெள்ளாமை. ரெண்டும் ஒரே காடு.”

இதைச் சொல்லிவிட்டால் பிறகு விதைக்கு வரலாம். இப்போது விதை தன் சொந்த பலத்தில் நிற்க வேண்டியதில்லை. முளைக்குமா என்ற கேள்விக்குப் பதில் விதைக்குள் இல்லை, முன்பே வந்துவிட்ட கதிரில் இருக்கிறது. மழை தப்பிய வருஷங்களை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை: “இந்தக் காட்டுல அண்ணாச்சி போட்டதெல்லாம் முளைக்கல. நமக்கு அது தெரியும், அவங்களுக்கும் தெரியும். மழை நம்ம கையில இல்ல. மரிச்சவங்களை எழுப்புறதும் நம்ம கையில இல்ல, அவங்க கையிலயும் இல்ல. புழுதியில விதைச்சிட்டு வானத்தைப் பாத்து உக்காந்திருந்த மனுஷன் அவங்க. இன்னைக்கு அவங்களையே புழுதியில விதைக்கிறோம். உசிர் கொடுக்கிறவர் ஒருத்தர் இருக்கார், அவர் ஒரு தரம் கொடுத்தும் காட்டிட்டார். அதை நம்பித்தான் விதைக்கிறோம்.”

இது புது யோசனை அல்ல. முதல் நூற்றாண்டின் கடைசியில் ரோமிலிருந்து கொரிந்துக்கு எழுதப்பட்ட, கிளெமெந்துவின் பெயரால் வழங்கும் கடிதத்திலும் இதே வரிசை இருக்கிறது. கிறிஸ்துவை முதற்பலனாகச் சொல்லி ஆரம்பித்து, பகலும் இரவும் மாறி மாறி வருவதைக் காட்டி, பிறகு காய்ந்து வெறுமையாக மண்ணில் விழும் விதைக்கு வருகிறது. யூத ரபிகளும் விதையைக் கையில் எடுத்தார்கள். தல்மூதில் ஒரு காட்சி: கிளியோபாத்ரா என்று பெயர் சொல்லப்படும் அரசி ஒருத்தி, மரித்தவர்கள் எழும்போது உடுப்போடு எழுவார்களா, அம்மணமாக எழுவார்களா என்று ரபி மேயிரிடம் கேட்கிறாள். உடுப்பில்லாமல் புதைக்கப்படும் கோதுமையே எத்தனை உடுப்போடு வெளியே வருகிறது, உடுப்போடு புதைக்கப்படுகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று அவர் திருப்பிக் கேட்கிறார். கோதுமைத் தாளின் உறைகளைக் கையால் உரித்துப் பார்த்தவர்தான் அப்படி ஒரு பதிலைச் சொல்லியிருக்க முடியும்.

பேச்சின் அடுத்த பகுதி சரீரத்தைப் பற்றியது. இங்கே ஐயர்கள் வழக்கமாக வழுக்குவார்கள். ‘இது வெறும் கூடு, ஆத்துமா பறந்துபோயிற்று’ என்று சொல்வது சுலபம், கேட்பவர்களுக்கும் பழக்கமானது. ஆனால் கொரிந்துக்காரர்கள் சொன்னதற்குப் பக்கத்தில்தான் அது நிற்கிறது. பவுல் எபேசுவில் இருந்தபடி, ஏறத்தாழ கி.பி. 55 வாக்கில், அந்த நிருபத்தை எழுதியபோது அவருக்கு எதிரில் இருந்தவர்கள் மரித்தோர் எழுவதில்லை என்றார்கள். ஆத்துமா சாகாது என்பதைக் கிரேக்க உலகத்தில் பலர் ஏற்றுக்கொள்ளத் தயார். சரீரம் எழும் என்பதுதான் சிரிப்பை வரவழைத்தது. ஏதென்ஸில் பவுல் அதைச் சொன்னதும் சிலர் கேலி செய்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணம் ஞாயிறுதோறும் சரீரம் உயிர்த்தெழுவதைத்தான் அறிக்கையிடுகிறது.

விவசாயியின் அடக்கத்தில் இந்த வேறுபாடு பெரிது. ஏனென்றால் விவசாயி தன் வாழ்க்கையை உடம்பால்தான் எழுதிவைத்திருக்கிறார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த உள்ளங்கை, வெடித்த குதிங்கால், மாடு முட்டின தழும்பு, கடைசி வருஷங்களில் நிமிர மறுத்த முதுகு. அதையெல்லாம் கழற்றிப்போட்ட கூடு என்று சொன்னால் அறுபது வருஷ உழைப்பையும் சேர்த்துக் கழற்றிப் போட்டது மாதிரி ஆகும். பவுலோ அந்த இடத்தில் நான்கு ஜோடி வைக்கிறார்: அழிவுள்ளது அழியாததாக, கனமற்றது மகிமையுள்ளதாக, பலவீனமானது பலமுள்ளதாக, இந்த உயிரால் இயங்குவது கடவுளின் ஆவியால் இயங்குவதாக. விதைக்கப்படுவதும் எழுவதும் ஒன்றேதான். மாறுவது அதன் நிலை. உயிர்த்த இயேசு தோமாவுக்குக் கையின் காயத்தைக் காட்டினார் என்று யோவான் எழுதுவதும் இங்கே சேரும். எழுந்த சரீரத்திலும் தழும்பு இருந்தது.

அதே யோவானில் இன்னொரு சின்ன விஷயம் இருக்கிறது, விவசாயிகளுக்கு முன்னால் பேசும் ஐயர் விடக்கூடாதது. இயேசுவை அடக்கம் செய்த கல்லறை ஒரு தோட்டத்தில் இருந்தது. விடியுமுன் வந்த மகதலேனா மரியாள் உயிர்த்தவரைப் பார்த்தும் அடையாளம் தெரியாமல், தோட்டக்காரர் என்று நினைத்துப் பேசுகிறாள். ராஜாவென்றோ தூதனென்றோ அவளுக்குத் தோன்றவில்லை. ஐயர் இப்படிச் சொல்லலாம்: “அம்மா, நீங்க இத்தனை வருஷம் விடியக் கருக்கல்ல தூக்குவாளியோட காட்டுக்குப் போய் அண்ணாச்சியைத் தேடுனீங்க. எழுந்துவந்த கர்த்தரை முதல்ல பாத்த பொம்பளைக்கும் அவர் தோட்ட வேலைக்காரர் மாதிரித்தான் தெரிஞ்சார். அண்ணாச்சியோட இந்தக் கையை, இந்த முகத்தைக் கடவுளுக்குத் தெரியும்.” இதற்குமேல் விளக்கினால் கெட்டுவிடும்.

அழுகையைப் பற்றியும் ஓரிரு வார்த்தை வேண்டும். ‘அழாதீங்க, அவர் கர்த்தரிடம் போயிட்டார்’ என்று சொல்லி வாயை அடைப்பது கேத வீடுகளில் சாதாரணம். நம்பிக்கை இருப்பவர் அழக் கூடாது என்ற எண்ணம் எங்கிருந்தோ புகுந்துவிட்டது. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது வேறு. நம்பிக்கை இல்லாதவர்கள் துக்கப்படுகிற விதமாகத் துக்கப்படாதிருங்கள் என்பதே அதன் கருத்து. துக்கமே கூடாது என்று அதில் இல்லை. லாசரு கல்லறையிலிருந்து வெளியே வரப்போகிறான் என்று தெரிந்தும் இயேசு அங்கே நின்று அழுதார். ஆகவே ஒப்பாரி வைக்கும் பெரியம்மாவை யாரும் அடக்க வேண்டியதில்லை. ஐயர் கொஞ்சம் காத்திருந்து, மூச்சு வாங்கும் இடம் பார்த்துத் தொடர்ந்தால் போதும்.

பேச்சுக்கு வெளியேயும் ஆராதனை முறை தன் பங்குக்குப் பேசுகிறது. 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் மரபையும் சேர்த்துச் சுவீகரித்துக்கொண்டது. அந்த மரபின் 1662 ஜெபப் புத்தகத்தில் அடக்க ஆராதனைக்குக் குறித்திருக்கும் வாசிப்பு கொரிந்தியரின் அதே பதினைந்தாம் அதிகாரம்தான், அதுவும் சரியாக இருபதாம் வசனத்தில், முதற்பலனில் தொடங்குகிறது. அங்கிருந்து கடைசி வசனம்வரை நீளமான வாசிப்பு. யார் வரிசைப்படுத்தினார்களோ அவர்களுக்கும் கதிர் முன்னால் வர வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. மண் போடுவதிலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 1549 புத்தகத்தில் குருவானவரே மண்ணை இட வேண்டும் என்றிருந்தது, 1552-ல் அது சுற்றி நிற்பவர்கள் கைக்கு மாறியது. இன்று கரிசலில் குடும்பம், பங்காளி, பக்கத்துக் காட்டுக்காரர், மதம் பார்க்காமல் எல்லோரும் ஆளுக்கொரு பிடி அள்ளிப் போடுகிறார்கள். அந்த மண்ணைப் பிசைந்து பார்த்தே ஈரப்பதம் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். விதைத்து மூடும் கை அவர்களுக்குப் புதிதில்லை என்பதால், குழியருகே ஐயர் நீளமாகப் பேச வேண்டியதில்லை.

அதே 1662 புத்தகத்தில் ஒரு கடுமையான குறிப்பும் இருந்தது. ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கும், சபையிலிருந்து விலக்கப்பட்டவர்களுக்கும், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர்களுக்கும் இந்த ஆராதனையைப் பயன்படுத்தக் கூடாது என்றது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத் தொகுப்பும் தற்கொலையை அந்தப் பட்டியலில் வைத்திருந்தது, 1983 தொகுப்பு அதை நீக்கிவிட்டது. கடனால் நொந்து விவசாயிகள் இறந்துபோகும் நாட்டில் இந்த மாற்றம் காகிதத்தில் மட்டும் இருக்க முடியாது. அப்படிப்பட்ட அடக்கத்தில் மேலே சொன்ன பேச்சை அப்படியே பேசவும் முடியாது. விதைப்பு, விளைச்சல், பொறுமை என்று எதைத் தொட்டாலும் அது அந்தக் குடும்பத்தின் காயத்தில் படும். பொறுமையாக மழைக்குக் காத்திருக்கும் பயிரிடுகிறவனை யாக்கோபு உதாரணம் காட்டுகிறார். வேறு நாளில் அருமையான வசனம் அது. அன்று வாசித்தால் குற்றச்சாட்டாகக் கேட்கும். அங்கே ஐயர் காட்டை விட்டுவிட்டு, மரணமும் நம்மைக் கடவுளின் அன்பிலிருந்து பிரிக்காது என்ற ரோமர் எட்டாம் அதிகாரத்தின் முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. முதற்பலன் அப்போதும் பொய்யாகிவிடவில்லை. முன்னால் வந்தவர் நல்லபடியாகச் செத்தவர் அல்ல, சாபத்துக்குரிய மரத்தில் தொங்கினவர் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

சாதாரண அடக்கத்துக்குத் திரும்புவோம். பேச்சை எங்கே முடிப்பது? கொரிந்தியரின் அந்த அதிகாரத்தில் ஐம்பத்தெட்டு வசனங்கள். ஐம்பத்தேழு வசனம் மரணம், எக்காளம், வெற்றி என்று ஏறிப்போகிறது. கடைசி வசனத்தில் பவுல் சட்டென்று கீழே இறங்கி, கர்த்தருக்குள் நீங்கள் படும் பாடு வீணாகாது, வேலையில் உறுதியாக நில்லுங்கள் என்கிறார். பரலோகத்தைப் பார்த்துக் காத்திருங்கள் என்று முடிப்பார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். டர்ஹாம் பேராயராக இருந்த புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் என்.டி. ரைட், உயிர்த்தெழுதல் நம்பிக்கையைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்தத் திருப்பத்தில் வந்து நிற்பார். சரீரமும் மண்ணும் தூக்கியெறியப்படப் போவதில்லை என்றால், அவற்றில் செய்த வேலையும் தூக்கியெறியப்படாது என்பது அவர் வாதம்.

விவசாயிக்கு இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ‘பாடு வீணாகாது’ என்பதை ‘வெள்ளாமை நிச்சயம் கிடைக்கும்’ என்று ஆக்கிவிடக் கூடாது. மூன்று வருஷம் வறட்சியில் போட்ட முதல் திரும்பவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஐயர் கணக்கை மூடிமறைக்காமல் பேசலாம்: “அண்ணாச்சி சம்பாதிச்சதைவிட இந்தக் காட்டுக்குப் போட்டதுதான் ஜாஸ்தி. வரவு செலவுப் பாத்தா நட்டந்தான். ஆனா பக்கத்துக் காட்டுக்காரனுக்கு விதை இல்லாதப்ப கொடுத்தது, கிணத்துல தண்ணி கேட்டவங்களுக்கு இல்லேன்னு சொல்லாதது, மண்ணை மலடாக்காம பிள்ளைங்க கையில கொடுத்தது, இதெல்லாம் எந்த நோட்டுலயும் இல்ல. கடவுள் எழுப்பும்போது ஆளை மட்டும் எழுப்பிட்டு அவங்க செஞ்சதை மறந்துடுவாருன்னு பவுல் சொல்லல.” இறந்தவரைப் பற்றிப் புகழ வேண்டியதெல்லாம் இந்த இடத்தில், இந்த அளவில் வந்துவிட்டால் போதும். பிரசங்கத்தின் தொடக்கத்திலேயே எத்தனை ஏக்கர், எத்தனை பிள்ளைகள், யார் யார் வெளிநாட்டில் என்று ஆரம்பித்தால் நம்பிக்கைக்கு நேரம் மிஞ்சாது. அதற்கென்றே துண்டுச் சீட்டோடு இரண்டு மூன்று பேர் தயாராக நிற்பார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். அதற்கு மேல் போனால் வெயிலில் நிற்பவர்கள் நிழல் தேடுவார்கள். எழுதிய காகிதத்தை வாசிக்காமல், அந்தக் கதிர்க்கட்டையும் விதையையும் தோட்டக்காரரையும் வரிசையாக மனசில் வைத்துக்கொண்டு பேசும் ஐயர்தான் கூட்டத்தைப் பிடித்துவைப்பார். அவருக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. அடக்கத்துக்கு நாலைந்து நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும். அப்போது உயிர்த்தெழுதலைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்துக் கடன் பெரியவர் பெயரில் இருக்கிறது, புரட்டாசி பாதி போய்விட்டது, இந்த வருஷம் காட்டில் யார் விதைப்பது என்று கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனுப்போட வேண்டும். அம்மாவுக்கு எழுத்து வாசிப்பு குறைவாக இருந்தால், அந்த மனுவை நிரப்பிக் கொடுப்பதும் பல ஊர்களில் ஐயர் கையில்தான் வந்து சேர்கிறது.